தராசுக்குத் தெரியாத கனம்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. ஊரில் பாதிக் கட்டடங்களை ஏற்றி இறக்குகிற மனுஷன், தன் வீட்டுக்கு மட்டும் மூன்று மாடி படியேறித்தான் போகவேண்டும். அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கிண்டல் இது. அவனும் சளைக்காமல் சிரிப்பான். அவன் மனைவிதான் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் குழந்தையோடு படிக்கட்டின் அடியில் வந்து நின்று, முதல் படியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாராவது வரவேண்டும். வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போகவேண்டும்.

வேலையிடத்தில் அவளுக்கு தராசு என்று பெயர். பார்சல் கம்பெனி கவுண்டரில் ஒன்பது வருஷமாக நிற்கிறாள். கையில் வாங்கும்போதே "மூணே முக்கால்" என்பாள். மிஷினில் வைத்தால் மூன்றே முக்கால்தான் காட்டும். மிஷின் தப்பாகக் காட்டிய ஒரு நாளில் அவள் சொன்னதை நம்பித்தான் ரிப்பேர்காரனைக் கூப்பிட்டார்கள். அப்படிப்பட்டவள், பெற்ற பிள்ளையைத் தூக்க ஆள் தேடி நிற்கிறாள் என்று அங்கே போய்ச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

விஷயம் இதுதான். அவளுக்குக் கீழே எதுவோ இறங்கி நிற்கிறது.

காலையில் எழுந்ததும் ஒன்றும் தெரியாது. பல் தேய்த்து, அடுப்படியில் நின்று, துணி உலர்த்தி, மத்தியானம் தாண்டும்போது இடுப்புக்கு அடியில் ஒரு இழுவை ஆரம்பிக்கும். வலி என்று சொல்லமுடியாது. வலி என்றால் சொல்லிவிட்டிருப்பாள். உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் யாரோ மெதுவாகக் கீழே இழுப்பது போன்ற ஒரு கனம். சாயங்காலம் ஆனால், இரண்டு காலுக்கும் நடுவில் எதையோ வைத்துக்கொண்டு நடப்பது போல இருக்கும். படுத்தால் போய்விடும். மறுநாள் காலையில் துளிகூட இருக்காது. மத்தியானம் மறுபடியும் வந்துவிடும், வேலைக்காரி மாதிரி நேரம் தவறாமல்.

பிரசவமாகி மூன்றாவது வாரத்திலோ என்னவோ, குளிக்கும்போதுதான் முதன்முதலில் கையில் தட்டுப்பட்டது. பெண்ணுறுப்பின் வாசலில், மெத்தென்று, ஈரமாக, கன்னத்தின் உட்பக்கத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி ஒரு உருண்டை. அவள் விரலை இழுத்துக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்தில் அழுதாள். வெளியே நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதையோ பாடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தோன்றியது இரண்டு. ஒன்று, பிரசவத்தில் எதையோ உள்ளே விட்டுவிட்டுத் தைத்துவிட்டார்கள். இல்லையென்றால் இது கட்டி. கட்டி என்றால் எந்தக் கட்டி என்று அவள் மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கே அவளுக்கு முழு நேரமும் தேவைப்பட்டது.

ஆறாவது வார செக்கப்புக்குப் போனபோது சொல்லத்தான் செய்தாள். காலை நேரம், வெளியே நாற்காலி கொள்ளாத கூட்டம். டாக்டரம்மா படுக்கவைத்து, தையல் போட்ட இடத்தைப் பார்த்தாள்.

"தையல் நல்லா ஆறியிருக்கு. வேற ஏதாவது?"

"கீழ ஒரு மாதிரி கனமா இருக்குது மேடம்."

"பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்திருக்காங்க, ரொம்ப நேரம் முக்கியிருக்கீங்க. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். பாத்தேன், ஒண்ணும் இல்ல."

உண்மையிலேயே அந்த நேரத்தில் ஒன்றும் இல்லைதான். ராத்திரி முழுக்கப் படுத்திருந்து, காலையில் காரில் சாய்ந்து வந்து, மறுபடியும் மேஜையில் மல்லாந்து படுத்தவளுக்கு எது இறங்கியிருக்கும்? ஆனால் இதெல்லாம் தராசுக்கு அப்போது தெரியாது. "ஒண்ணும் இல்ல" என்பது மட்டும் காதில் விழுந்தது. அப்படியென்றால் தினமும் சாயங்காலம் வருவது என்ன? தனக்கு மூளை பிசகிவிட்டதா என்று பயந்துபோனாள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காதவர்கள் தானாக வைத்தியம் பார்ப்பார்கள். தராசு பார்த்த வைத்தியம், பார்சல் கவுண்டரில் ஒன்பது வருஷம் நின்றவள் மட்டுமே பார்க்கக்கூடிய வைத்தியம். அட்டைப்பெட்டியின் அடி விட்டுப்போகிற மாதிரி இருந்தால் அங்கே என்ன செய்வார்கள்? பட்டை போட்டு நடுவில் இறுக்குவார்கள். அவளும் கடையில் அகலமான இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கிவந்து, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து, கடைசிக் கொக்கி வரைக்கும் இறுக்கிக் கட்டினாள். காலையில் குளித்ததும் கட்டினால் படுக்கப்போகும்போதுதான் அவிழ்ப்பாள். இறுக்க இறுக்கக் கனம் கூடியது. கனம் கூடக் கூட இன்னும் இறுக்கினாள். பெட்டிக்கு அடியில் அட்டை இருக்கிறது, நமக்கு அடியில் வாசல் இருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

இன்னொரு வைத்தியமும் பார்த்தாள். குழந்தையைத் தூக்குவதை விட்டாள்.

ஒரே நாளில் விடவில்லை. முதலில் படியேறும்போது விட்டாள். பிறகு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் விட்டாள். பிறகு அழும்போது எழுந்து நின்று ஆட்டுவதை விட்டாள். உட்கார்ந்து பால் கொடுப்பாள், படுத்துக்கொண்டு தட்டிக்கொடுப்பாள். ஏப்பம் வர தோளில் போட்டு நடப்பது, ஜன்னலோரம் நின்று பறவை காட்டுவது, குளிப்பாட்டத் தூக்குவது எல்லாம் நாத்தனாருடையது என்று ஆகிவிட்டது.

நாத்தனார் என்றால் உடனே முகத்தைச் சுளிக்கவேண்டாம். நல்ல மனுஷி. லிஃப்ட் மெக்கானிக்கைவிட எட்டு வயது பெரியவள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது, பிள்ளை இல்லை. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் தனி வீடு, ஒரு தையல் மிஷின், திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற தொழில். பிரசவத்துக்கு ஒத்தாசை என்று ஒரு பையோடு வந்தவள், தராசு தூக்காத குழந்தையைத் தூக்கத் தூக்க, அங்கேயே தங்கிப்போனாள். குழந்தைக்கு சிட்டு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டதும் அவள்தான். இப்போது சிட்டுக்கு ஐந்து மாதம். அத்தை அறைக்குள் வந்தால் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கும். அம்மா வந்தால் பால் என்று நினைத்து வாயைக் குவிக்கும். அவ்வளவுதான் அம்மா.

தராசு இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. பார்த்துப் பார்த்து உள்ளுக்குள்ளேயே புழுங்கினாள். ஒரு தடவை குழந்தை விடாமல் அழுதபோது, வீம்புக்குத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்தாள். ஐந்தாவது நடையில் கீழே அந்த உருண்டை உள்ளாடையில் உரசியது. அவள் பயந்துபோய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"உனக்கு முடியலைன்னா என்னக் கூப்பிட வேண்டியதுதானே. எதுக்கு இந்தக் கோபம் அதுகிட்ட?"

"கோபமில்ல அண்ணி."

"பின்ன தொப்புன்னு உக்கார்ற?"

என்னவென்று சொல்வது? அந்த இடத்துக்கு மரியாதையான வார்த்தை அவளிடம் ஒன்றுகூட இல்லை. இருக்கிறதெல்லாம் திட்டுகிற வார்த்தை, இல்லையென்றால் டாக்டர் வார்த்தை.

கணவனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவன் கெட்டவன் இல்லை, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. பிரசவ அறையில் பாதியிலேயே தலை சுற்றி வெளியே போனவன். அவன் பக்கத்தில் வந்து படுத்தால் இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். தொட்டால் அவன் கையிலும் அது தட்டுப்படுமே என்ற பயம். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு அவன் தள்ளிப்படுக்கப் பழகிக்கொண்டான். அவன் என்ன நினைத்துக்கொண்டான் என்று அவளுக்குத் தெரியும். அவள் என்ன பயப்படுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் அப்படியே மாதங்கள் போயின.

லீவு முடிகிற வாரம் வந்தது. திங்கட்கிழமை தராசு வேலைக்குத் திரும்பவேண்டும். நாத்தனாருக்கும் தைக்கவேண்டிய திரைச்சீலைகள் குவிந்துகிடந்தன, வீட்டுக்குப் போயாகவேண்டும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவின கையோடு அவள் பேச்சை எடுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சிட்டுவ நான் கூட்டிட்டுப் போறேன். வேலை நாள் பூரா என்கிட்ட இருக்கட்டும். சனி ஞாயிறு இங்க கொண்டுவந்து விட்டுடறேன்."

லிஃப்ட் மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். மனைவி தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள்.

"பால் குடிக்கிற குழந்தையாச்சேக்கா," என்றான் அவன்.

"புட்டியிலதான் பாதி குடிக்குது இப்பவே. எங்கேயோ ஒரு காப்பகத்துல விடறதுக்கு நான் பாத்துக்க மாட்டேனா? இவளுக்கும் தூக்கிச் சுமக்கற கஷ்டம் இல்ல." கடைசி வாக்கியத்தில் குத்தல் இருந்ததா இல்லையா என்று சொல்லமுடியாது. நாத்தனாருக்கே தெரிந்திருக்காது.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டான் அவன்.

சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான். வேண்டாம். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நான் வளர்க்கிறேன் என்றால், தூக்கக்கூட மாட்டேன் என்கிறவள் எப்படி வளர்ப்பாய் என்று கேட்பார்கள். தராசு வார்த்தையை மென்று முழுங்கினாள்.

"யோசிச்சு சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு," என்று அவன் எழுந்து போனான். கோபமாகப் போகவில்லை. அலுத்துப்போய்ப் போனான். அதுதான் அவளைச் சுட்டது.

அன்றைக்குப் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு மூளையில் ஒன்று தட்டியது. ஒழுகுகிற பார்சலைக் கவுண்டரில் கொண்டுவந்து புகார் சொல்பவர்கள் இரண்டு வகை. ஒழுகுகிறபோதே கையும் பெட்டியுமாகக் கொண்டுவருகிறவர்கள் ஒரு வகை. வீட்டில் துடைத்து, காயவைத்து, புதுக் காகிதம் சுற்றி, நேற்று ஒழுகியது என்று சொல்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையிடம் இவளே எத்தனை முறை "பார்த்தேங்க, ஒண்ணும் இல்லையே" என்று சொல்லியிருக்கிறாள்! டாக்டரிடம் இவள் போனதும் அப்படித்தான். துடைத்து, காயவைத்து, மல்லாந்து படுத்து.

மறுநாள் அவள் காலையில் போகவில்லை. வேண்டுமென்றே நாள் முழுக்க நின்றாள். துணி துவைத்தாள், வாளி தூக்கினாள், அலமாரியை இழுத்துப்போட்டுப் பெருக்கினாள். "இன்னைக்கு என்ன வந்துச்சு உனக்கு?" என்று நாத்தனார் வாயைப் பிளந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் இடமிருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கீழே அது முழுசாக வந்து நின்றது. முதல் தடவையாக அவளுக்கு அதைக் கண்டு ஒரு திருப்தி. இரு, உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்கால டியூட்டியில் வேறொரு டாக்டர். நரைத்த குட்டை முடி, சட்டென்று சிரிக்காத முகம். தராசு நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"எனக்குக் கீழ எதுவோ வெளிய வருது. படுத்தா உள்ள போயிடுது. போன தடவை ஒண்ணும் இல்லைன்னாங்க. இப்ப இருக்கு. நின்னபடியே பாப்பீங்களா?"

ஐந்து மாதம் தொண்டையில் நின்றது ஐந்து வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது. டாக்டர் பேனாவை மூடிவைத்தாள்.

"பாக்கறேன். மொதல்ல படுங்க, அப்புறம் நின்னும் பாக்கறேன்."

சேலையைத் தளர்த்தியபோது பெல்ட் வெளியே தெரிந்தது. கொக்கிகள் அழுந்தின தடம் தோலில் சிவப்பாக ஓடியது.

"இத யாரு கட்டச் சொன்னா?"

"நானேதான் கட்டிக்கிட்டேன். அடி விட்டுப்போகாம இருக்கட்டும்னு."

"பற்பசை டியூப நடுவுல அமுக்கினா எங்கேருந்து வரும்?" என்றாள் டாக்டர். தராசு அதைக் கேட்டு அரை நொடி கழித்து, ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

படுக்கவைத்து, இருமச் சொல்லி, மலம் போகிற மாதிரி முக்கச் சொல்லிப் பார்த்தாள். பின் எழுப்பி, ஒரு காலை ஸ்டூலில் வைத்து நிற்கச் சொல்லி, மறுபடியும் முக்கச் சொன்னாள். "ம், இருக்கு," என்றாள். "நீங்க சொன்னது சரி. வாசல் வரைக்கும் இறங்கி நிக்குது."

இருக்கிறது என்று இன்னொரு மனுஷ வாய் சொன்னதும் தராசு ஸ்டூலிலிருந்து காலை மெதுவாக இறக்கினாள். கெட்ட செய்திதான். ஆனால் அவள் பைத்தியம் இல்லை.

"கட்டியா மேடம்?"

"கட்டி இல்ல. புத்துநோய் இல்ல. எதையும் உள்ள வெச்சுத் தைக்கவும் இல்ல. உங்க கைக்குத் தட்டுப்படறது உங்க பெண்ணுறுப்போட முன்பக்கச் சுவர். அதுக்குப் பின்னாடி இருக்கறது மூத்திரப்பை. இடுப்புக்கு அடியில ஒரு தசைத் தளம் இருக்கு, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. கூடவே பிடிச்சு நிறுத்தற நார்களும் இருக்கு. பெரிய குழந்தை, ரொம்ப நேரம் முக்கினது, ஆயுதம் போட்டது, எல்லாமா சேர்ந்து அந்தத் தாங்கல் இழுபட்டுப்போச்சு. அதனால சுவர் தளர்ந்து இறங்குது. கர்ப்பப்பையும் கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆனா உள்ளதான் இருக்கு. அடி இறக்கம்னு சொல்வாங்களே, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"வயசானவங்களுக்கு வர்றதுன்னு நெனச்சேன்."

"வயசானாலும் வரும். பெத்தவங்க நெறைய பேருக்கு உங்க வயசிலயே லேசாவாவது இருக்கும். யாரும் சொல்றதில்ல. நீங்க வீட்டுல சொன்னீங்களா?"

தராசு இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒண்ணுக்குப் போனா முழுசாப் போகுதா?"

"முன்னால குனிஞ்சு உக்காந்தாதான் போகுது."

"மலச்சிக்கல்?"

"இருக்கு. ரொம்ப முக்கறேன்."

"அத நிறுத்தணும். தண்ணி, நார்ச்சத்து, தேவைப்பட்டா மருந்து தர்றேன். முக்கற ஒவ்வொரு தடவையும் கீழதான் தள்ளறீங்க."

"அப்படியே வெளிய விழுந்துடுமா?"

"விழாது. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு, பிச்சுக்கிட்டு வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சு மாசம்தான் ஆச்சு. இன்னும் சரியாகிட்டுவர்ற காலம். பயிற்சி செஞ்சா நெறைய பேருக்குக் கனம் கொறையும். பழையபடி ஒண்ணுமே இல்லாம ஆயிடும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா நல்லா வாழலாம். ஆபரேஷன் பத்தி இப்ப யோசிக்க வேண்டாம்."

பக்கத்து அறையில் பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். வாயு வெளியேறாமல் அடக்குவது போலப் பின்னாலிருந்து ஆரம்பித்து, மூத்திரத்தை அடக்குவது போல முன்னால் வரைக்கும் மேலே இழுத்துப் பிடிக்கவேண்டும், பிறகு முழுசாகத் தளர்த்தவேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. தராசு முதல் முறை செய்தபோது எல்லாவற்றையும் கீழே தள்ளினாள். "தப்பு, தள்ளறீங்க," என்றாள் அவள், விரலால் உள்ளே தொட்டுப் பார்த்துக்கொண்டே. அடுத்த முறை உள்ளே ஏதோ மெல்லிசாக மேலே ஏறியது. "அதுதான்! தினமும் இத செய்யணும், மாசக்கணக்கா. நாலு நாள் செஞ்சு விட்டுடக்கூடாது."

பிறகு டாக்டர், சிலிகான் வளையம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மெத்தென்று மடங்குகிற வளையம், உள்ளே வைத்தால் சுவரைத் தாங்கிப் பிடிக்கும். முதல் வளையம், கழிப்பறையில் உட்கார்ந்ததும் வழுக்கி விழுந்தது. தராசுக்கு முகம் செத்துப்போயிற்று. "இதெல்லாம் செருப்பு வாங்கற மாதிரிதான், அளவு பாக்கணும்," என்று டாக்டர் அடுத்த அளவை வைத்தாள். நடந்து பாருங்கள், குந்தி எழுந்து பாருங்கள், இருமுங்கள், ஒண்ணுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். தராசு நடைவழியில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தாள். திரும்பி வருகிறபோதுதான் உறைத்தது. இழுவை இல்லை. சாயங்காலம், நாள் முழுக்க நின்ற கால், இழுவை இல்லை.

"ரெண்டு வாரத்துல வந்து காட்டுங்க. வலியோ, ரத்தமோ, ஒண்ணுக்குப் போக முடியாமலோ இருந்தா உடனே வாங்க. வேலையில என்ன தூக்குவீங்க?"

"பார்சல். சிலது இருவது கிலோகூட வரும்."

"இப்போதைக்கு அது வேண்டாம். லேசான வேலை கேளுங்க. கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க."

"குழந்தைய?" அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்குத்தான் வந்ததே.

"தூக்கலாமே. ஒடம்போட ஒட்டி வெச்சு, மொதல்ல கீழ இறுக்கி, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே தூக்குங்க. களைச்சா உக்காருங்க. எவ்வளவு இருக்கா குழந்தை?"

தராசு வாயைத் திறந்தாள். ஊரார் பெட்டியெல்லாம் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். சொந்தக் குழந்தை எத்தனை கிலோ என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊசி போடக் கொண்டுபோனதெல்லாம் நாத்தனார். அந்த அறையில், ஐந்து மாதத்தில் முதன்முதலாக, அவள் குழாயைத் திறந்துவிடாமல் அழுதாள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நல்லதாகப் போயிற்று.

வீட்டுப் படிகளை நிதானமாக ஏறினாள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் நாத்தனாரின் பையும், அதன் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் பையும் இருந்தன. சின்னப் பையின் வாயில் குழந்தையின் மஞ்சள் குல்லா தெரிந்தது.

"காலையில முதல் பஸ்ஸுக்கே போயிடலாம்னு," என்றாள் நாத்தனார், சிட்டுவைத் தோளில் தட்டிக்கொண்டே. "எங்க போயிட்ட இவ்வளவு நேரம்? அவன் தேடிட்டு இருந்தான்."

லிஃப்ட் மெக்கானிக் உள்ளேயிருந்து வந்தான். தராசு கைப்பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு அடி இறங்கியிருக்கு. பிரசவத்துல ஆனது. நின்னா, வெயிட்டு தூக்கினா, பெண்ணுறுப்பு வழியா வெளிய வந்து நிக்குது. அதனாலதான் சிட்டுவத் தூக்கல. உன்னைத் தொடவிடாம இருந்ததும் அதனாலதான். பிடிக்காம இல்ல."

லிஃப்ட் மெக்கானிக்கின் முகம், பிரசவ அறையில் வெளுத்தது போல வெளுத்தது. ஆனால் இந்தத் தடவை வெளியே போகவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"இத்தனை நாள் தனியாவா வெச்சுக்கிட்டிருந்த?" என்றான்.

"ம்."

அவன் அவள் தோளில் தொங்கிய கைப்பையைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

"சிட்டு இங்கதான் இருப்பா அண்ணி," என்றாள் தராசு. "அவளை எங்கிட்ட குடுங்க."

நாத்தனார் உடனே கொடுக்கவில்லை. தோளில் இருந்த குழந்தையின் முதுகில் அவள் கை அப்படியே நின்றது. அவள் முகத்தில் இரக்கம் வந்தது, அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. இரண்டு பஸ் தாண்டி இருக்கிற அந்த வீட்டில் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு தூளி மாட்டி வைத்திருக்கிறாள், யாருக்கும் சொல்லவில்லை.

"தூக்கலாம்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

நாத்தனார் நீட்டினாள். தராசு கீழே இறுக்கினாள், மூச்சை விட்டாள், வாங்கி மாரோடு சேர்த்துக்கொண்டாள். உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. கையில் கனம் வந்து உட்கார்ந்ததும் ஒன்பது வருஷப் பழக்கம் தானாகப் பேசிவிட்டது.

"ஏழேகால்," என்றாள்.

"எட்டு இருநூறு," என்றாள் நாத்தனார். "போன ஊசிக்கே அவ்வளவு. இப்ப கூடியிருக்கும்."

தராசுக்குத் தப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

சிட்டு இந்தத் தோளின் வாசனையை மோந்து பார்த்துவிட்டு, உடம்பைப் பின்னால் வளைத்து, அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி வீறிட்டு அழுதது. நாத்தனாரின் கைகளும் தானாக முன்னால் வந்தன. வந்தவற்றை அவளே பிடித்து, சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள். பிறகு குனிந்து, சின்னப் பையிலிருந்து மஞ்சள் குல்லாவையும் சட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைக்க ஆரம்பித்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலி ஒன்றை இழுத்துவந்து மனைவியின் பின்னால் போட்டான். "உக்காரு," என்றான்.

"இருக்கட்டும்," என்றாள் தராசு. "கொஞ்ச நேரம் நிக்கறேன்."

குழந்தை அவள் தோளில் அத்தைக்காக அழுதுகொண்டே இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.